பட்டன் இடம் மாறியதைக் கடைக்காரருக்கு எழுதிச் சொல்வது எப்படி

பில் போடும் செயலியில் புதிய வடிவம் வந்து, பழகிய பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன. அதைப் பயன்படுத்துவோருக்குப் புரியும்படி வெளியீட்டுக் குறிப்பு எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதல் தடவை எழுதுகிறவர்களுக்காக இது. உதாரணத்துக்குக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பலகாரக் கடைகள் பயன்படுத்தும் ஒரு பில்லிங் செயலியை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் ஒருவர் தேன்குழலும் மனகோலமும் எடை போட்டபடியே மற்றக் கையால் போனைத் தட்டுகிறார். அவர் திரையைப் பார்ப்பதில்லை. கை தானாகப் போகிறது. நீங்கள் எழுதப் போகும் குறிப்பு அந்தக் கைக்குத்தான்.

1. முதலில் எழுதாதீர்கள், பட்டியல் போடுங்கள்

பழைய பதிப்பை ஒரு போனிலும் புதியதை இன்னொரு போனிலும் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். புரோகிராமர் அனுப்பும் மாற்றப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். அவர் தான் மாற்றியதைத்தான் எழுதுவார். தானாக நகர்ந்துபோனது அதில் இருக்காது. கீழே ஒரு புதிய வரிசை சேர்ந்தால் அதற்கு மேலே இருந்த எல்லாம் ஒரு விரல் அகலம் ஏறிப் போயிருக்கும். அது யார் பட்டியலிலும் வராது.

ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, பழைய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது. நம் உதாரணக் கடையில் இது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். “பிரிண்ட்” பில் திரையின் மேல் வலது மூலையில் இருந்தது. இப்போது கீழே நடுவில். “பற்று” முகப்பில் இருந்தது. இப்போது பணம் பெறும் திரையில். “நாள் முடிப்பு” மூன்று கோட்டு மெனுவுக்குள் இருந்தது. இப்போது “அறிக்கை” பக்கத்தில். “பில் ரத்து” மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருந்தது. இப்போது மேல் வலது மூலையில்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நாள் முழுக்க பிரிண்ட் தட்டிப் பழகிய அதே மூலையில் இப்போது ரத்து உட்கார்ந்திருக்கிறது.

2. ஆபத்தான இடமாற்றத்தைப் பிரித்தெடுங்கள்

இடம் மாறிய பட்டன்கள் மூன்று வகை. பழைய இடம் காலியாகிவிட்டால், கடைக்காரர் தட்டிப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது, தேடுவார். அரை நிமிட எரிச்சல், அவ்வளவுதான். பழைய இடத்தில் வேறு சாதுவான பட்டன் வந்திருந்தால் தவறான திரை திறக்கும், பின்னால் வருவார். மூன்றாவது வகைதான் உயிரை வாங்கும்: பழைய இடத்தில், அழுத்தினால் திரும்ப எடுக்க முடியாத வேலை செய்யும் பட்டன். பிரிண்ட் இருந்த இடத்தில் ரத்து அந்த வகை.

ஒரு பில் தவறுதலாக ரத்தானால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக வர வேண்டும். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர் 1 தாக்கல் செய்யும் கடை என்றால், அதன் 13ஆம் அட்டவணையில் எத்தனை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று காட்ட வேண்டும். பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும், பணம் கல்லாவில் இருக்கும், பில் மட்டும் ரத்து. இரவு கணக்கு பார்க்கும்போது கல்லாவில் பணம் கூடுதலாக நிற்கும், செயலி காட்டும் இருப்பில் மனகோலம் குறையவே குறைந்திருக்காது. ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் நினைவு இருக்காது.

இங்கே எழுதுகிறவருக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. “கவனம், இங்கே அழுத்தாதீர்கள்” என்று குறிப்பில் எழுத வேண்டி வந்தால், குறை திரையில் இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் புரோகிராமரிடம் போங்கள். கேட்க வேண்டியது இரண்டு: ரத்தை மூன்று புள்ளிக்குள்ளேயே திருப்பி வையுங்கள், மேல் வலது மூலையைக் குறைந்தது ஒரு மாதம் காலியாக விடுங்கள். முடிந்தால் அந்த மூலையில் தட்டினால் “பிரிண்ட் கீழே இருக்கிறது” என்று ஒரு வரி தோன்றி மறையட்டும். இது சின்ன வேலை. எந்த அறிவிப்பைவிடவும் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் தவறும் அந்த நொடியிலேயே சொல்கிறது.

“உறுதியா?” என்று ஒரு கேள்விப் பெட்டி வைத்துவிட்டோமே என்று அவர் சொல்லலாம். கூட்டம் நிற்கும்போது அந்தப் பெட்டியில் “ஆம்” தட்டுவதும் கைப்பழக்கம்தான். அதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியீடு நெருங்கிவிட்டது, மாற்ற முடியாது என்று முடிவானால், அந்த எச்சரிக்கை குறிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும். வணக்கத்துக்கும் முன்னால்.

3. வாசகத்தை எழுதும் முறை

குறிப்பைத் திறப்பவர் வடிவமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வரவில்லை. “தம்பி, பிரிண்ட் பட்டனைக் காணோமே” என்பதுதான் அவர் கேள்வி. “மேம்படுத்தப்பட்ட பயனர் அனுபவம்”, “நவீன தோற்றம்” போன்றவை அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர் தேடும் சொல்லில் வரி தொடங்கட்டும்.

சரியில்லாதது: “எளிதாக அணுகும் வகையில் செயல் பட்டன்கள் மறுசீரமைக்கப்பட்டுள்ளன.”

சரி: “பிரிண்ட்: பில் திரையில் கீழே நடுவில். முன்பு மேலே வலது மூலையில் இருந்தது.”

பட்டனின் பெயர் வரியின் தொடக்கத்தில், அதன் பின் புதிய இடம், கடைசியில் பழைய இடம். பழைய இடத்தை முதலில் எழுதினால், அவசரமாகப் படிக்கிறவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பழைய இடத்துக்கே போவார்.

பெயரைத் திரையில் உள்ளபடியே எழுதுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல். திரையில் “பிரிண்ட்” என்று இருந்தால் குறிப்பில் “அச்சிடுக” என்று தமிழை அழகாக்க வேண்டாம். செயலியைச் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் வைத்திருந்தால் இரண்டு குறிப்பு தேவை. பெரும்பாலும் கல்லாவில் இருப்பவர் தமிழில் வைத்திருப்பார், கணக்கு பார்க்கும் முதலாளி ஆங்கிலத்தில் வைத்திருப்பார். ஒரே கடைக்கே இரண்டும் போக வேண்டியிருக்கலாம்.

நிறத்தை அடையாளமாகச் சொல்லாதீர்கள். “பச்சை பட்டன்” என்பது ஜெராக்ஸ் எடுத்த தாளில் சாம்பல். இடம், பெயர், படத்தின் வடிவம் மூன்றும் போதும். படத்தைச் சொல்லும்போது மக்கள் சொல்வதுபோல “மூன்று கோடு”, “மூன்று புள்ளி” என்றே எழுதுங்கள்.

ஏன் மாற்றினோம் என்பதற்கு ஒரே ஒரு வரி. “போன் பெரிதாகிவிட்டதால் ஒரு கையால் பிடித்தபடி கட்டை விரல் எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.” அது உண்மையான காரணமாக இருந்தால் கடைக்காரர் ஏற்றுக்கொள்வார். காரணம் இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

பிறகு ஒரு வரி கட்டாயம் வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: எது மாறவில்லை. திரை வேறு மாதிரி இருந்தால் கடைக்காரரின் முதல் பயம் பட்டனைப் பற்றியதல்ல, “பழைய பில்லெல்லாம் போச்சா?” என்பதுதான். “பழைய பில், விலைப் பட்டியல், இருப்பு, பற்றுக் கணக்கு, பிரிண்டர் இணைப்பு எதுவும் மாறவில்லை” என்று எழுதுங்கள். எழுதும் முன் ஒவ்வொன்றையும் நிஜமாகச் சோதித்துப் பாருங்கள். குறிப்பாக பிரிண்டர் இணைப்பு. புளூடூத் பிரிண்டரை மறுபடி இணைக்க வேண்டி வந்தால் அதுவே தனி வரியாக, படிப்படியாகப் போக வேண்டும்.

4. பிளே ஸ்டோர் பெட்டிக்குள் அடக்குவது

பிளே ஸ்டோரில் “புதிது என்ன” பகுதிக்கு ஒரு மொழிக்கு 500 எழுத்துக்குறி வரைதான் அனுமதி. தமிழில் இது தோன்றுவதைவிடக் குறைவு. “பிரிண்ட்” என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு, ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இந்தக் கணக்கில் ஐம்பது அறுபது சொல்லுக்கு மேல் இடம் கிடைக்காது. நம் உதாரணத்துக்கு இப்படி வரும்:

```
<ta-IN>
பிரிண்ட்: பில் திரையில் கீழே நடுவில்.
முன்பு இருந்த மேல் வலது மூலை காலியாக இருக்கும்.
பற்று: பணம் பெறும் திரையில்.
நாள் முடிப்பு: அறிக்கை பக்கத்தில்.
பழைய பில், விலை, இருப்பு, பிரிண்டர் இணைப்பு மாறவில்லை.
</ta-IN>
```

ரத்து இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மூன்று புள்ளிக்கே திரும்பிவிட்டதால் சொல்ல எதுவும் இல்லை. திரையைச் சரிசெய்ததால் ஒரு வரி மிச்சம்.

ஆனால் இந்தப் பெட்டியை நம்பி இருக்காதீர்கள். போன் தானாகவே இரவில் புதுப்பித்துக்கொள்ளும். காலையில் கடை திறப்பவர் பிளே ஸ்டோர் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். செயலிக்குள்ளேயும் அதே வாசகம் வர வேண்டும். அது எப்போது தோன்றுகிறது என்பது முக்கியம். பில் போடும் நடுவில் தோன்றினால் படிக்காமல் மூடிவிடுவார்கள். அன்றைய முதல் பில்லுக்கு முன், முகப்பில் தோன்றட்டும். மூடிய பிறகும் “உதவி”க்குள் போய் மறுபடி படிக்க வழி இருக்கட்டும்.

5. படம், தாள், வாட்ஸ்அப்

படம் எடுக்க உண்மையான கடையின் திரையைப் பயன்படுத்தாதீர்கள். வாடிக்கையாளர் போன் எண்ணும், யார் எவ்வளவு பற்று வைத்திருக்கிறார் என்பதும் அதில் தெரியும். சின்ன ஊரில் அது பெரிய வம்பு. “சோதனைக் கடை” என்று ஒன்று உருவாக்கி, தேன்குழல் அரை கிலோ, சீப்புச் சீடை கால் கிலோ என்று இரண்டு வரி பில் போட்டுப் படம் எடுங்கள்.

பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், ஒரே அளவில். பட்டனை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் அது திரையில் எங்கே என்று தெரியாது. முழுத் திரையும் வேண்டும், பட்டனைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். ஒரு படத்தில் ஒரு மாற்றம் மட்டும். நான்கு வட்டமும் எட்டு அம்புக்குறியும் போட்ட படத்தை யாரும் படிப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து சின்ன எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்புங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்று உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. ஆகவே அனுப்பிய மறுநாள் ஒற்றை டிக்கோடு நிற்கும் கடைகளைப் பார்த்துத் தனியாக அனுப்புங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு தாள் கொடுப்பது இன்றும் நல்ல வழி. ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடிக்கும் அளவு, கறுப்பு வெள்ளை, லேமினேஷன். எண்ணெய்க் கை படும் கடைகளில் லேமினேஷன் இல்லாத தாள் ஒரு வாரம் தாங்காது. அச்சும் லேமினேஷனும் சேர்த்துத் தாளுக்கு 30 ரூபாய் என்று வைத்தால், 80 கடைக்கு 2,400 ரூபாய். இதைப் பெரிய செலவு என்று சொல்பவரிடம், வெளியீடு நடந்த வாரத்தில் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்க ஒருவரைத் தனியாக உட்கார வைக்கும் கூலியை ஒப்பிடச் சொல்லுங்கள்.

6. தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

எழுதியவரும் புரோகிராமரும் படித்துச் சரி என்றால் அது சோதனை ஆகாது; இருவருக்கும் விடை தெரியும். புதிய பதிப்பைப் பார்க்காத, தினமும் பில் போடுகிற ஒருவர் வேண்டும். அப்படி ஒரு ஆச்சியிடம் குறிப்பையும் புதிய பதிப்பு உள்ள போனையும் கொடுத்து, “ஆச்சி, ஒரு பில் போட்டு பிரிண்ட் எடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

விரல் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய மூலைக்குப் போய், நின்று, குறிப்பைப் பார்த்துக் கீழே வந்தால் குறிப்பு வேலை செய்கிறது. குறிப்பைப் படித்த பிறகும் திரையில் அங்குமிங்கும் அலைந்தால் இடத்தைச் சொன்ன சொல் தவறு. “கீழே” என்றால் சிலர் திரையை உருட்டிக் கீழே போவார்கள். நீங்கள் சொன்னது திரையின் அடி ஓரம். அப்போது “உருட்ட வேண்டாம், அடியிலேயே எப்போதும் இருக்கும்” என்று சேர்க்க வேண்டும். இந்த ஒரு குழப்பம் ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் வருகிறது. மூன்று பேரிடம் பார்த்தால் போதும். அதற்கு மேல் அதே தவறுகள்தான் திரும்ப வரும்.

7. தேதி குறிப்பது

மாதத்தில் தவிர்க்க வேண்டிய நாட்கள் முதலில். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். அதற்கு முந்தைய நான்கைந்து நாட்களில் அறிக்கைப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது, நம் உதாரணத்தில் அந்தப் பக்கமும் மாறியிருக்கிறது. 21க்குப் பிறகு, வார நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டு ஊருக்குப் போவது வேண்டாம். மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும் கூடாது. புதிய நிதியாண்டின் பில் எண் வரிசை தொடங்கும் நேரம்.

ஆண்டில் பார்த்தால், செட்டிநாட்டுப் பலகாரக் கடைக்கு ஆடி மாதம்தான் வாய்ப்பு. கல்யாணம் இல்லை, சீர்ப் பலகார ஆர்டர் இல்லை. ஜூலை 21க்குப் பின் ஆடிப்பெருக்குக்கு முன் ஒரு செவ்வாய் அல்லது புதன் பொருத்தமாக இருக்கும். ஆவணி பிறந்தால் முகூர்த்தம், பிள்ளையார்பட்டி விழாக் கூட்டம் என்று வரிசையாக வரும், தீபாவளி முடியும்வரை கல்லாவுக்கு ஓய்வில்லை. அதே செயலியைத் துணிக்கடையும் பயன்படுத்தினால் கணக்கு தலைகீழ்: அவர்களுக்கு ஆடித் தள்ளுபடி நேரம். அப்படியானால் மார்கழியைப் பாருங்கள், பொங்கல் வியாபாரம் சூடு பிடிப்பதற்குள்.

பிளே ஸ்டோரின் பரிசீலனைக்குச் சில நேரம் 7 நாள் வரையும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே அனுமதி கிடைக்கும் முன் எந்தத் தாளிலும் தேதி அச்சிட வேண்டாம். பிளே கன்சோலில் “Managed publishing” என்பதை இயக்கி வைத்தால், அனுமதி கிடைத்த பிறகும் நீங்கள் அழுத்தும்வரை வெளியாகாது. அனுமதி வந்ததும் தேதியை முடிவு செய்து, தாளை அச்சடித்து, வாட்ஸ்அப்பில் மூன்று நாள் முன்பும் முந்தைய மாலையும் சொல்லுங்கள்.

ஒரே நாளில் எல்லோருக்கும் விடாமல் பகுதி பகுதியாக விடலாம், முதலில் 10 சதவீதம் என்பதுபோல. ஆனால் யார் அந்த 10 சதவீதம் என்பதை நீங்கள் தேர்வு செய்ய முடியாது. கோட்டையூர்க் கடைக்கு வந்திருக்கும், பக்கத்துக் கடைக்கு வந்திருக்காது. இதற்கேற்பக் குறிப்பில் ஒரு வரி வேண்டும்: “உங்கள் திரை இன்னும் பழையபடி இருந்தால் சில நாட்களில் மாறும், எதுவும் செய்ய வேண்டாம்.” இந்த வரி இல்லாவிட்டால், வராதவர்கள் தேடித் தேடிச் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். கணக்கு போனிலேயே சேமிக்கப்படும் செயலி என்றால் அதோடு கணக்கும் போகும்.

பிரச்சினை வந்தால் பகுதி வெளியீட்டை நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களின் போனில் புதியது அப்படியே இருக்கும். பழையதைத் திருப்பிக் கொடுக்க, இன்னும் பெரிய பதிப்பு எண்ணோடு புதிதாக வெளியிட வேண்டும். “வேண்டாம் என்றால் பழையதுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று செயலிக்குள் அதற்கு ஒரு வசதி இல்லாதபோது குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

8. வெளியான பின்

உதவி எண்ணை எடுப்பவரிடம் ஒரு நோட்டு கொடுங்கள். அழைப்பவர் சொல்லும் சொல்லையே அதில் எழுத வேண்டும். நாள் முடிப்பைத் தேடுபவர் “கணக்கு அடைக்கிறது எங்கே” என்று கேட்டால் அப்படியே. இரண்டு மூன்று பேர் அதே சொல்லைச் சொன்னால், குறிப்பில் அந்த வரியை “நாள் முடிப்பு, அதாவது கணக்கு அடைப்பது” என்று மாற்றுங்கள். செயலிக்குள் இருக்கும் வாசகத்தையும் “உதவி”யில் உள்ளதையும் மாற்றலாம். ஒட்டிய தாளை மாற்ற முடியாது. அதனால்தான் தாளின் அடியில் தேதி வேண்டும், எது புதியது என்று தெரிய.

அழைப்பு முதல் இரண்டு நாள் பிரிண்ட் பற்றியே இருக்கும். பற்று பற்றிய கேள்வி ஒரு வாரம் தள்ளி வரும், நாள் முடிப்பை முதலாளி மட்டும் செய்யும் கடைகளில் இன்னும் தாமதமாக. எனவே மூன்றாம் நாள் அழைப்பு குறைந்ததும் வேலை முடிந்ததென்று வாட்ஸ்அப் குழுவில் நன்றி சொல்லிவிட வேண்டாம். ஒரு மாதச் சுழற்சி முழுதும், அடுத்த 20ஆம் தேதி தாண்டும்வரை, பழைய மூலையில் தோன்றும் அந்த ஒரு வரி இருக்கட்டும். அதை எத்தனை பேர் தினமும் தட்டுகிறார்கள் என்று செயலி எண்ணி வைத்தால் இன்னும் நல்லது; எண்ணிக்கை நின்ற பிறகு எடுக்கலாம். எடுத்த பிறகும் அந்த மூலையில் ரத்தைக் கொண்டுவந்து வைக்க விடாதீர்கள். தீபாவளிக்கு மட்டும் கல்லாவில் உட்கார வரும் ஆட்களின் கைக்குப் பழைய பழக்கம்தான் தெரியும்.